பூட்டினால் மடங்கும் சைடு மிரர்: கோடிங்கில் கைவைக்கும் முன் எதைச் சேமிக்க வேண்டும்?

டிரைவர் கதவில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் இரண்டு சைடு மிரரும் மடங்குகின்றன. ஆனால் ரிமோட்டில் காரைப் பூட்டினால் அவை அப்படியே விரிந்து நிற்கின்றன. அதே மாடலின் விலை கூடிய வேரியண்ட்டிலோ பூட்டிய உடனே மடங்கிக்கொள்கின்றன. மிரருக்குள் மோட்டார் இருக்கிறது, ரிமோட் சிக்னல் காருக்குப் போகிறது, கதவுக்குள் அதைக் கேட்டு நடக்கும் கம்ப்யூட்டரும் இருக்கிறது. அப்புறம் என்ன குறை? பெரும்பாலும் ஓரிரண்டு மூன்று செட்டிங்குகள்தான் குறை. அவற்றைத்தான் காரின் கம்ப்யூட்டருக்குள் மாற்றி எழுதி, அதாவது கோடிங் செய்து, திறக்கலாம் என்கிறார்கள்.

இந்தக் கட்டுரைக்கு ஃபோக்ஸ்வாகன் குழுமம் பல மாடல்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் எம்க்யூபி தளத்தில் வந்த கார்களை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் கோல்ஃப் 7 அந்த வகை. நம் ஊரில் 2013-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆக்டேவியா, 2016-இல் வந்த சூப்பர்ப், 2017-இல் வந்த டிகுவான் எல்லாம் அதே தளம்தான். மென்பொருளாக, அமெரிக்காவின் ராஸ்-டெக் நிறுவனம் தரும் விசிடிஎஸ்ஸை வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் ஓடும், கோளாறு பார்ப்பதற்கென்று காரில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் கேபிள் கூட வரும். ஷோரூமுக்கு வெளியே இந்தக் கார்களைப் பார்க்கும் மெக்கானிக்குகள் பலர் நம்பும் கருவி இது.

ஒரு வசதியை எதற்காக மறைத்து வைக்கிறார்கள் என்று கேட்டால், "காசு பார்க்கத்தான்" என்பது பாதிப் பதில். விளக்கு, பூட்டு, மிரர் போன்றவற்றைக் கவனிக்கும் கம்ப்யூட்டரான பாடி கண்ட்ரோல் மாடியூலை ஒரே மாதிரி செய்து, அதையே பல மாடல்களிலும் பல நாடுகளிலும் பொருத்துவது உற்பத்தியாளருக்கு மலிவு. எந்தக் காரில் எது வேலை செய்ய வேண்டும் என்பதைத் தொழிற்சாலையில் கடைசியாக எழுதிவிடுகிறார்கள். சில இடங்களில் சட்டமும் காரணம். அமெரிக்காவில் பவர் விண்டோவை ரிமோட்டால் மூடுவதற்குத் தனிப் பாதுகாப்பு விதி உண்டு; ஐரோப்பாவில் சாதாரணமாக வரும் அந்த வசதி அங்கே விற்கும் பல கார்களில் அணைந்தே வருவதற்கு அது ஒரு காரணம். ஆகவே அணைத்து வைத்திருக்கும் ஒவ்வொன்றும் நம்மை ஏமாற்ற வைத்தது என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஆன் செய்யக் கிளம்பக் கூடாது.

அடுத்ததாக, இந்தக் கார்களில் செட்டிங் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பேக்கப் விஷயத்தில் ஆட்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான்.

முதலாவது, லாங் கோடிங். ஒரு மாடியூலின் அடிப்படை அமைப்பைச் சொல்லும் நீண்ட ஹெக்ஸ் எண் வரிசை அது. இரண்டிரண்டு எழுத்து சேர்ந்தால் ஒரு பைட். பைட்டுகளை 0-இலிருந்து எண்ணுவார்கள். ஒவ்வொரு பைட்டிலும் எட்டு பிட்; அவற்றையும் வலப்பக்கத்திலிருந்து 0, 1, 2 என்றே எண்ணுவார்கள். பெரும்பாலான பிட்டுகள் ஆன், ஆஃப் சுவிட்சுகள்தான். ஒரு பைட்டின் மதிப்பு `16` என்றிருந்து, அதில் 3-ஆம் பிட்டை ஆன் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

```
16  =  0001 0110
1E  =  0001 1110
```

மாறியது ஒரே ஒரு பிட். ஆனால் முழு வரிசையும் மாடியூலுக்குள் மறுபடி எழுதப்படுகிறது. அந்த வரிசையில் வேறெங்காவது ஓர் எழுத்து தவறிப்போனாலும் அதுவும் சேர்ந்தே எழுதப்பட்டுவிடும்.

இரண்டாவது, அடாப்டேஷன். இது ஒரே வரிசையாக இருக்காது. பெயர் போட்ட தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பு. எம்க்யூபி கார்களின் 09 மாடியூலில், அதாவது மத்திய எலக்ட்ரானிக்ஸில், இப்படிப்பட்ட பெட்டிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பழைய தலைமுறைக் கார்களில் லாங் கோடிங்கில் இருந்த பல வசதிகள் இப்போது இங்கே குடிவந்துவிட்டன. மிரர் மடங்கும் வசதியும் அவற்றில் ஒன்று.

இப்போது வழக்கமாகக் கொடுக்கப்படும் அறிவுரைக்கு வருவோம்: "முதலில் ஆட்டோ ஸ்கேன் எடுத்து சேவ் பண்ணிக்கோங்க, அது போதும்." விசிடிஎஸ்ஸின் `Auto-Scan` காரில் இருக்கும் ஒவ்வொரு மாடியூலையும் கூப்பிட்டு, அதன் பார்ட் நம்பர், மென்பொருள் பதிப்பு, லாங் கோடிங், பதிவான பிழைகள் எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் கொட்டும். மிக உபயோகமான ஃபைல். ஆனால் அதில் அடாப்டேஷன் மதிப்புகள் இருக்காது. நீங்கள் மாற்றப்போவது அடாப்டேஷனை. சேமித்து வைத்திருப்பது கோடிங்கை. நாளைக்குப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று அந்த ஃபைலைத் திறந்தால், தேடுவது அதில் கிடைக்காது. பேக்கப் எடுத்தோம் என்ற நிம்மதி மட்டும் மிச்சம்.

அடாப்டேஷனுக்கு வேறு வழி இருக்கிறது. விசிடிஎஸ்ஸின் முதல் திரையில் `Applications` போய், `Controller Channels Map` திறந்து, மாடியூல் எண் 09 கொடுத்து, `Adaptation` தேர்ந்தெடுத்தால், எல்லாப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் படித்து சிஎஸ்வி ஃபைலாக எழுதும். புழங்குகிறவர்கள் இதை அட்மேப் என்பார்கள். 09 பெரிய மாடியூல் என்பதால் நேரம் பிடிக்கும். டீ குடித்துவிட்டு வரலாம். பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் ஃபைலும் பாதிதான் இருக்கும். அதனால் முடிந்ததும் ஒரு முறை திறந்து, கடைசி வரை மதிப்புகள் வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

இந்த ஃபைல் வெறும் பதிவேடு. ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் திருப்பிப் போடும் பட்டன் இதற்குக் கிடையாது. எது மாறியதோ அந்தப் பெட்டியைத் திறந்து, பழைய மதிப்பைப் பார்த்துக் கையால்தான் போட வேண்டும். இது குறையாகத் தெரியலாம். எனக்கு இது நல்லதாகவே படுகிறது. ஒரு பெட்டியைச் சரி செய்யப் போய், நடுவில் ஷோரூமில் மாற்றிய வேறு பத்துப் பெட்டிகளையும் பழசாக்கிவிடும் ஆபத்து இதில் இல்லை.

மிரர் வேலையை ஒருமுறை நடத்திப் பார்ப்போம்

திருகில் மிரர் மடங்கும் குறியீடு இருக்கிறதா, திருப்பினால் இரண்டு பக்கமும் மடங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மோட்டார் இல்லாத மிரரை எந்தக் கோடிங்காலும் மடக்க முடியாது. கேட்கவே வேண்டாத விஷயம் போலத் தோன்றும். ஆனால் கண்ணாடியின் கோணத்தை அட்ஜஸ்ட் செய்யும் மோட்டாரையும் மிரரையே மடக்கும் மோட்டாரையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

பிறகு பேட்டரி. இக்னிஷன் ஆனில், இன்ஜின் ஓடாமல், ஸ்கேனும் அட்மேப்பும் எடுத்து முடிக்க அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அவ்வளவு நேரமும் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்திருக்கும். பேட்டரி கொஞ்சம் வயதானதாக இருந்தால் வோல்டேஜ் இறங்கி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாடியூல்களில் பிழைகள் பதிவாகும். கோடிங் எழுதும் நேரத்தில் இது நடந்தால் தலைவலி. ஒரு பேட்டரி சார்ஜரை மாட்டி வைப்பது, ஹெட்லைட்டையும் ஏசி ஃபேனையும் அணைத்து வைப்பது என்ற இரண்டு வேலையில் இது தீர்ந்துவிடும். ஒரு சில புதிய மாடல்களில் பானட் திறந்திருந்தால்தான் கார் மாற்றங்களை ஏற்கும். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டோ ஸ்கேனையும் 09-இன் அட்மேப்பையும் எடுத்து, காரின் பதிவெண், தேதி, ஓடிய கிலோமீட்டர் போட்டுப் பெயர் வைத்து, லேப்டாப்புக்கு வெளியிலும் ஒரு பிரதி வைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி 09-ஐத் திறந்து `Security Access - 16` அழுத்தி, `31347` கொடுக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டதும் `Adaptation - 10`. அங்கே வரும் பட்டியலில் மிரர் என்பதற்கு ஜெர்மனில் உள்ள `Spiegel` என்ற சொல்லைத் தேடினால் சம்பந்தப்பட்ட பெட்டிகள் வரும். பெயருக்கு முன்னால் வரும் எண்கள் மாடியூல் பதிப்புக்குத் தக்கபடி மாறும். பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். மாற்றத் தொடங்கும் முன் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இப்படி எழுதிக்கொள்வது வழக்கம்:

```
09  Funk Spiegelanklappung
    not active -> active
09  Menuesteuerung Spiegelanklappung
    not active -> active
09  Spiegelanklappung Modus
    by convenience operation via remote control
    -> by lock command via remote control
```

முதல் பெட்டி, ரிமோட்டால் மிரரை மடக்கலாம் என்று அனுமதி தருகிறது. இரண்டாவது, அந்த வசதிக்கான டிக் பாக்ஸைக் காரின் தொடுதிரை மெனுவில் கொண்டுவருகிறது. மூன்றாவது, எப்போது மடங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது: பூட்டு பட்டனை ஒரு முறை தட்டினாலேவா, அழுத்திப் பிடித்தால்தானா. மேலே இருப்பவை ஒரு காரில் இருக்கக்கூடிய மதிப்புகள். உங்கள் காரில் முதலில் இருப்பது வேறாக இருக்கலாம். அதனால்தான் அம்புக்குறிக்கு இடப்பக்கம் உங்கள் காரில் பார்த்ததை எழுத வேண்டும், வேறொருவர் எழுதி வைத்ததைக் காப்பி அடிக்கக் கூடாது.

ஒன்றை மாற்றி, `Do It!` அழுத்தி, அது ஏற்றுக்கொண்டதா என்று பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். மூன்றையும் முடித்ததும் இக்னிஷனை அணைத்து, கதவைச் சாத்தி, காரைப் பூட்டிப் பார்க்கலாம்.

மடங்கவில்லை என்றால் உடனே கோடிங்கின் மேல் பழியைப் போட வேண்டாம். தொடுதிரை மெனுவில் புதிதாக வந்த அந்த டிக் பாக்ஸ் காலியாக இருந்தால், அட்டகாசமாக எழுதிய செட்டிங்கும் சும்மா கிடக்கும். பலர் இரண்டாவது, மூன்றாவது முறை கோடிங் செய்வது இதனால்தான். இன்னொன்று, திருகைத் திருப்பி மடக்கிய மிரரைத் திருகால்தான் விரிக்க முடியும். "அன்லாக் பண்ணினாலும் விரிய மாட்டேங்குது" என்று வரும் புகார்களில் திருகு மடக்கும் நிலையிலேயே நிற்பதைப் பார்க்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் மடங்கினால் விஷயம் வேறு. உத்தரவு போடுவது 09. மோட்டாரை ஓட்டுவது கதவுகளுக்குள் இருக்கும் மாடியூல்கள். 42 டிரைவர் கதவு, 52 பக்கத்துக் கதவு. இரண்டாவது ஆட்டோ ஸ்கேன் எடுத்து, முன்பு எடுத்ததோடு ஒப்பிட்டால், 52-இல் புதிதாகப் பிழை வந்திருக்கிறதா, அது முன்பே இருந்ததா என்பது தெரிந்துவிடும். முதல் ஸ்கேனின் பெரிய உபயோகம் இதுதான் என்பேன். திரும்பிப் போக அது உதவுவதைவிட, எந்தக் கோளாறு நாம் வரவழைத்தது, எது ஏற்கெனவே இருந்தது என்று பிரித்துச் சொல்ல அது அதிகம் உதவும்.

கார் மறுக்கும்போது

மாடியூல் மாற்றத்தை ஏற்காவிட்டால் காரணத்தையும் ஓரளவு சொல்லும். `Security Access Denied` என்றால் `31347` என்ற லாகின் கோடைக் கொடுக்கவில்லை, அல்லது அது காலாவதி ஆகிவிட்டது. மாடியூலை விட்டு வெளியே போய்த் திரும்ப வந்தாலே லாகின் போய்விடும். `Conditions Not Correct` என்றால் கார் இருக்கும் நிலை சரியில்லை: இன்ஜின் ஓடுகிறது, இக்னிஷன் ஆஃபில் இருக்கிறது என்பது போல. `Request Out of Range` என்றால் நீங்கள் எழுதும் மதிப்பை அந்த மாடியூலுக்குத் தெரியாது. இந்த மூன்றாவது வந்தால் நிறுத்திவிடுவதே மேல். வேறு பதிப்புக்கான செட்டிங்கை இதில் திணிக்கிறோம் என்றுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம்.

தப்பான கோடை மறுபடி மறுபடி கொடுத்தால் மாடியூல் கொஞ்ச நேரம் கதவை அடைத்துக்கொள்ளும். அப்போது பதற்றப்பட்டு பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டாம். இக்னிஷனை ஆனில் வைத்துச் சிறிது நேரம் காத்திருந்தால் திறந்துவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது கார் மறுக்கும்போது அல்ல, மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்போது. அதே மாடல், அதே வருடம் என்று நண்பரின் காரிலிருந்து 09-இன் முழு லாங் கோடிங் வரிசையை எடுத்து ஒட்டினால், மாடியூல் பல சமயம் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். அவர் காரில் எல்இடி விளக்கு, உங்கள் காரில் ஹாலஜன்; அவருடையதில் மழை சென்சார், உங்களுடையதில் இல்லை. மறுநாள் டாஷ்போர்டில் பல்பு போய்விட்டது என்று எச்சரிக்கை வரும், வைப்பர் தன் இஷ்டத்துக்கு நடக்கும். இந்த இடத்தில் ஆட்டோ ஸ்கேன் ஃபைலில் இருக்கும் உங்கள் பழைய வரிசைதான் கைகொடுக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் கோடிங் பழைய நிலைக்கு வந்துவிடும். பிறருடையதை ஒட்டக் கூடாது. தன்னுடையதில் ஒரு பிட்டை மட்டும் மாற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம்.

15 ஏர்பேக், 03 பிரேக், 44 ஸ்டீயரிங். இந்த மூன்று மாடியூல்களுக்கும் வசதிக்கான கோடிங்குக்கும் சம்பந்தமே இல்லை. மிரர் மடங்க, அவற்றைத் திறந்து பார்க்கக்கூடத் தேவையில்லை.

நம் ஊரில் இன்னொரு கூட்டமும் இதே வேலையைச் செய்கிறது: மறைமலை நகரில் தயாரான எக்கோஸ்போர்ட் உள்ளிட்ட ஃபோர்டு கார்களை வைத்திருப்பவர்கள். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்த பிறகும் அந்தக் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் கருவி ஃபோர்ஸ்கேன். செட்டிங்கை மாற்ற அதில் எக்ஸ்டெண்டட் லைசென்ஸ் வேண்டும். பேக்கப் விஷயத்தில் மட்டும் ஃபோர்டுகாரர்களைப் பார்த்துப் பொறாமைப்படலாம். ஒரு மாடியூலின் முழு அமைப்பையும் `.abt` ஃபைலாகச் சேமித்து, வேண்டும்போது அதையே திரும்ப ஏற்றலாம். போதாததற்கு, தொழிற்சாலையில் முதலில் எழுதிய மதிப்புகளை, ஆஸ்-பில்ட் என்பார்கள், பல கார்களுக்கு சேசிஸ் எண்ணைக் கொடுத்து இணையத்திலேயே எடுக்கலாம். இருந்தாலும் உங்கள் காரிலிருந்து நீங்களே எடுத்ததுதான் முதல் தரம். தொழிற்சாலைக்குப் பிறகு சர்வீஸில் ஏதாவது மாற்றியிருந்தால், ஆஸ்-பில்ட் ஃபைலுக்கு அது தெரியாது.

ஃபோக்ஸ்வாகன் பக்கத்திலும் தொழிற்சாலைத் தகவல் இருக்கிறது, ஆனால் அது கம்பெனியின் சர்வரில். டீலர் தன் கருவியை ஆன்லைனில் இணைத்து, இந்தச் சேசிஸ் எண்ணுக்கு எது சரி என்று கேட்டு எழுத முடியும். எல்லாம் கெட்டுப்போனாலும் கார் நிரந்தரமாக முடங்கிவிடாது என்ற ஆறுதல் இதில் உண்டு. அதே வசதி எதிர்த்திசையிலும் வேலை செய்யும்: சர்வீஸில் மென்பொருள் அப்டேட் போட்டால், நீங்கள் திறந்து வைத்த மிரர் வசதி சத்தமில்லாமல் மூடிக்கொள்ளலாம். மாற்றங்களைக் குறித்து வைத்த டெக்ஸ்ட் ஃபைல் இருந்தால் அதே வேலையை உடனே முடித்துவிடலாம். வாரண்டியில் இருக்கும் காரை சர்வீஸுக்கு விடும் முன் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுப் போகிறவர்களும் இதே ஃபைலை நம்பித்தான் செய்கிறார்கள்.

மலிவு கேபிள் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் விற்கும் விசிடிஎஸ் நகல் கேபிள்கள் பழைய பதிப்பு மென்பொருளில் உறைந்து நிற்பவை. புதிய மாடியூலின் பெட்டிகளுக்குப் பெயர் தெரியாமல் வெறும் எண்ணாகக் காட்டும். பெயர் தெரியாத பெட்டியில் மதிப்பை மாற்றுவதைவிட, சொந்தமாக அசல் கேபிள் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போய், பேக்கப் ஃபைலின் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்வது மலிவாக முடியும். ஃபைலைத் தர மாட்டேன் என்றால் அவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

2020 வாக்கில் கோல்ஃப் 8, நான்காம் தலைமுறை ஆக்டேவியா வந்ததிலிருந்து ஆட்டம் மாறிவிட்டது. எஸ்எஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டு சேர்ந்தது. `31347` போல எல்லோருக்கும் தெரிந்த ஓர் எண்ணைக் கொடுத்து உள்ளே போக முடியாது. கம்பெனி சர்வரிலிருந்து அந்தக் காருக்கென்றே ஒரு டோக்கன் வாங்கினால், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் மாடியூல் திறக்கும். அங்கீகாரம் பெற்ற சில கருவிகள் அதை வாங்கித் தருகின்றன. இங்கே பேக்கப்பின் கணக்கே வேறாகிறது. பெரும்பாலும் படிப்பதற்குப் பூட்டு தடை சொல்லாது, எழுதுவதற்குத்தான் தடை. பழைய மதிப்பு கையில் இருந்தும், டோக்கன் கிடைக்காமல் அதைத் திருப்பிப் போட முடியாத நிலை வரலாம். ஆகவே திரும்பிப் போவதற்கான அனுமதி கிடைக்குமா என்பதையும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, எந்த மோடை வைப்பது என்பதில் என் கருத்து. எல்லோரும் கேட்பது, பூட்டு பட்டனைத் தட்டியதும் மடங்குவதை. ஆனால் பெட்ரோல் பங்க், பால் கடை, பிள்ளையின் ஸ்கூல் என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை பூட்டுகிறோம்? அத்தனை முறையும் அந்தச் சின்ன மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் உழைக்க வேண்டும். மிரர் அசெம்பிளி விலையைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். `Spiegelanklappung Modus`-ஐ `by convenience operation via remote control` என்றே விட்டுவிட்டால், பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் மடங்கும். ஜன்னல்களும் அதே அழுத்தத்தில் மூடும்படி இருந்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும். பைக்குகள் உரசிப் போகும் சந்தில் நிறுத்தும்போது அழுத்திப் பிடிக்கலாம். வீட்டு போர்டிகோவில் சும்மா தட்டிவிட்டுப் போகலாம்.